அவர்கள் சரி, அவைகள் தவறு

மைக்கைப் பிடித்தவர் “பெரியோர்களே, தாய்மார்களே” என்று தொடங்கும்போதே இலக்கணம் படித்தவர் காதில் இரண்டு இடம் நெருடும். பெரியோர் என்றாலே பலர்தான். தாய்மார் என்பதில் வரும் ‘மார்’ பன்மை விகுதி. பன்மையான சொல்லுக்குமேல் எதற்கு இன்னொரு ‘கள்’? இதைத்தான் இரட்டைப் பன்மை என்கிறார்கள். இலக்கணக்காரர்கள் விகுதிமேல் விகுதி என்பார்கள்.

பிழை திருத்தும் கையேடுகளில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும். அவைகள் தவறு, அவை சரி. பெற்றோர்கள் தவறு, பெற்றோர் சரி. மகளிர்கள் தவறு, மகளிர் சரி. மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் பட்டியலைப் படித்த அன்றே ஒரு சந்தேகம் வந்துவிடும். பன்மைமேல் பன்மை தவறு என்றால் ‘அவர்கள்’ எப்படிச் சரியாகும்? ‘அர்’ பன்மை விகுதிதானே? மாணவர்கள், ஆசிரியர்கள், தமிழர்கள் எல்லாமே அப்படித்தானே? அவற்றை ஒருவரும் திருத்துவதில்லையே?

கேள்வி நியாயமானது. இதற்கு விடை தெரிந்தால் பட்டியல் தேவைப்படாது.

பழைய கணக்கு எளிமையானது. ஆண் என்றால் அவன், பெண் என்றால் அவள், பலர் என்றால் அவர். தமிழன் ஒருவன், தமிழர் பலர். ‘கள்’ அப்போது மனிதர்களின் பக்கம் வரவே இல்லை. தொல்காப்பியம் அதை அஃறிணைப் பெயரோடு வரும் விகுதியாகத்தான் சொல்கிறது. அஃறிணையிலும் அது கட்டாயமில்லை. மாடு வந்தது என்றால் ஒன்று, மாடு வந்தன என்றால் பல. எத்தனை என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கும் சந்தையில் “பத்து மாடு வாங்கினேன்” என்றுதான் சொல்கிறோம். “பத்து மாடுகள் வாங்கினேன்” என்பது ஏட்டுத் தமிழ். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் “ஐந்நூறு ரூபாய்கள்”, “இரண்டு லிட்டர்கள் பால்” என்று எழுதுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றும். எண்ணும் அளவும் சேர்ந்து வரும் இடத்தில் தமிழுக்குக் கள் வேண்டியதில்லை.

கணக்கைக் குழப்பியது மரியாதை. பெரியவர் ஒருவரை அவன் என்று சொல்ல மனம் வராமல், பலருக்கு உரிய ‘அவர்’ என்ற சொல்லை அந்த ஒருவருக்கே கொடுத்தார்கள். வந்தான் என்பதற்குப் பதில் வந்தார். இலக்கணத்தில் இதற்கு மரியாதைப் பன்மை என்று பெயர். இப்படிக் கொடுத்துக்கொடுத்து ‘அவர்’ பலரைக் காட்டும் வேலையை விட்டுவிட்டது. இப்போது “அவர் வந்தார்” என்று கேட்டால் பத்துப் பேர் வந்ததாக யாருக்கும் தோன்றாது. பலரைச் சொல்ல ஒரு புதிய அடையாளம் வேண்டும் என்ற நிலையில், அஃறிணையோடு இருந்த கள் மனிதர் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள், வந்தார்கள், மாணவர்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இது நேற்று நடந்த சீரழிவும் அல்ல. திருக்குறளில் தவம் பற்றிய அதிகாரத்தில் ‘மற்றையவர்கள்’ என்ற சொல்லும், வரைவின் மகளிர் அதிகாரத்தில் ‘பூரியர்கள்’ என்ற சொல்லும் இருக்கின்றன. இரண்டிலும் அர் இருக்கிறது, அதன்மேல் கள்ளும் இருக்கிறது. பலரைக் குறிக்கும் பெயர்களில் கள் ஈற்றுப் பெயருக்கும் நன்னூல் இடம் கொடுத்துவிட்டது. 1856இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் தமிழின் இந்த இரட்டைப் பன்மைப் பழக்கத்தை எடுத்துப் பேசுகிறது. ஆகவே “அவர்கள் என்பதே பிழை, அவர் என்றுதான் பலரைக் குறிக்க வேண்டும்” என்று பிடிவாதம் பிடிப்பவர், வள்ளுவரிடமிருந்துதான் திருத்தத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தச் சக்கரம் இன்னும் நிற்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். ‘அவர்கள்’ என்பதையும் மரியாதைக்காக ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். அழைப்பிதழில் “தலைவர் அவர்கள்” என்று அச்சிடுகிறோம். வீட்டில் “அப்பா வந்தாங்க” என்கிறோம். வந்தாங்க என்பது வந்தார்கள் என்பதன் பேச்சு வடிவம்தான். வந்தவரோ ஒரே அப்பா. “அவங்க வந்தாங்க” என்றால் ஒருவரா பலரா என்று தெரியாமல் போய்விட்டதால், பலர் என்று காட்ட “அவங்கல்லாம் வந்தாங்க” என்று ‘எல்லாம்’ சேர்க்கிறோம். ஒரு பன்மை மரியாதையாக மாறித் தேய்ந்ததும் அடுத்த பன்மை வந்து நிற்கிறது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஒருவர்’ என்று வைத்துப் பாருங்கள். மாணவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், உறவினர் ஒருவர், வாசகர் ஒருவர் என்பதெல்லாம் இயல்பாக இருக்கின்றன. அப்படியென்றால் அந்தச் சொல் மரியாதை ஒருமையாகிவிட்டது; பலரைக் குறிக்க அதற்குக் கள் தேவை. இப்போது மகளிர் ஒருவர் என்று சொல்லிப் பாருங்கள், உட்காராது. போலீசார் ஒருவர், பயணியர் ஒருவர், பொதுமக்கள் ஒருவர், எதுவும் உட்காராது. போலீசாரில் ஒருவர், பொதுமக்களில் ஒருவர் என்று நடுவில் ஓர் ‘இல்’ கேட்கும். குடும்பத்தினர், குழுவினர், காவல்துறையினர் எல்லாம் இதே வகை. ‘இல்’ கேட்கும் சொல் இன்னும் பன்மையாகவே இருக்கிறது. அதற்குமேல் கள் போட்டால் மகளிர்கள், போலீசார்கள், குடும்பத்தினர்கள் என்று உண்மையான இரட்டைப் பன்மைப் பிழை வரும். பயணி ஒருவர், பயணிகள் பலர், அல்லது பயணியர் பலர். பயணியர்கள் என்று ஒன்று வேண்டாம்.

சிலர், பலர், இருவர், மூவர் என்பவற்றைச் சோதிக்கவே வேண்டாம். எண்ணிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மயிலாப்பூரில் பங்குனியில் நடப்பது அறுபத்துமூவர் திருவிழா. ‘அறுபத்துமூவர்கள் திருவிழா’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் அந்த அறுபத்துமூவரைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘நாயன்மார்கள்’ என்று கை போய்விடுகிறது. ஒருவர் என்றால் நாயனார், பலர் என்றால் நாயன்மார். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்காக ஆழ்வார்கள் என்பதையும் வெட்டிவிடக் கூடாது. ஆழ்வார் ஒருவர் என்று சொல்ல முடியும். பன்னிருவரையும் சொல்ல ஆழ்வார்கள் என்றுதான் வேண்டும்.

மார் விகுதிக்கு ஏன் கள் ஒட்டுகிறது என்பதற்கு வேறு காரணம் உண்டு. கன்னியாகுமரிப் பக்கமும் இலங்கையிலும் மார் இன்னும் உயிரோடு இருக்கிறது. அக்காமார், டீச்சர்மார், அமைச்சர்மார் என்று புதுச்சொற்களோடும் சேரும். அங்கே அதற்குத் துணை வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் புதிதாக எந்தச் சொல்லோடும் மார் சேர்வதில்லை. தாய்மார், நாயன்மார் போன்ற சில சொற்களில் மட்டும் உறைந்து கிடக்கிறது. பன்மை என்று காதுக்கு உறைக்காத விகுதிமேல் பேசுகிறவர் தனக்குத் தெரிந்த பன்மையைச் சேர்த்துவிடுகிறார். மேடைப் பேச்சில் இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. “பெரியோரே” என்று விளித்தால் எதிரில் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பதுபோல் ஒலிக்கும். அதனால் பெரியோர்களே, தாய்மார்களே என்ற மேடை விளியை நான் திருத்துவதில்லை. அதே தாய்மார்கள் கட்டுரைக்குள் வந்தால் தாய்மார் ஆக்கிவிடுவேன்.

வினைச்சொல்லிலும் இந்தச் சோதனையின் நியாயம் செல்லும். வந்தார் ஒருவருக்கு ஆகிவிட்டதால் பலருக்கு வந்தார்கள். வந்தனர் என்பதை யாரும் ஒருவருக்குச் சொல்வதில்லை. அதனால் வந்தனர் அப்படியே போதும், ‘வந்தனர்கள்’ பிழை.

மனிதர்களை விட்டு அஃறிணைக்கு வந்தால் நிலைமை வேறு. இங்கே மரியாதை என்ற சாக்கே கிடையாது. அது ஒன்று, அவை பல. ‘அவை’ என்பதை ஒற்றைப் பொருளுக்கு மரியாதையாக எவரும் சொன்னதில்லை. அவை ஒன்று என்று சொல்ல முடியாது. அவற்றில் ஒன்று என்றுதான் வரும். எனவே அவர்கள் என்பதற்குக் கிடைத்த நியாயம் அவைகள் என்பதற்குக் கிடைக்காது. எழுத்துத் தமிழில் அவைகள், இவைகள், எவைகள் மூன்றுமே பிழைதான். ஆனாலும் நன்றாக எழுதுகிறவர்களின் கையிலும் அது நுழைந்துவிடுகிறதே, ஏன்?

முதற்காரணம் சொல்லின் உருவம். பறவை, தேவை, சேவை, பார்வை என்று ‘வை’யில் முடியும் பெயர்களெல்லாம் ஒருமை. அவற்றின் பன்மை பறவைகள், தேவைகள். அவை என்ற சொல்லும் அதே உருவத்தில் இருப்பதால் அதுவும் ஒருமைபோலத் தெரிகிறது. இரண்டாவது காரணம் பேச்சு. அன்றாடப் பேச்சில் அவை என்ற சொல் நம்மிடம் இல்லவே இல்லை. அது, அதெல்லாம், அதுங்க என்றுதான் பேசுகிறோம். யாழ்ப்பாணத்தில் அவை இருக்கிறது. ஆனால் அங்கே அது மனிதர்களைக் குறிக்கும், ‘அவையள்’ என்று கள்ளின் பேச்சு வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளும். வந்தன, பறக்கின்றன போன்ற பன்மை வினைகளும் பேச்சில் இல்லை. “பறவைங்க பறக்குது” என்று பேசி வளர்ந்தவருக்கு அவை என்பது பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட சொல். பேசிப் பழகாத சொல்லின் பன்மை காதில் விழாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது என்று நினைக்கிறேன். அவை என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருவம் மாறிவிடும். நடுவில் ‘அற்று’ என்ற சாரியை வந்து அவற்றை, அவற்றால், அவற்றுக்கு, அவற்றின், அவற்றில் என்று ஆகும். இந்த வடிவங்கள் கைவசம் இல்லாதவருக்கு ஒரு முட்டுக்கட்டை. ‘அவையை’ என்று எழுதினால் சபையைச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘அவைகளை’ என்றால் வழி எளிதாகிவிடுகிறது, மரங்களை, பறவைகளை என்ற பழகிய அச்சில் அதுவும் விழுந்துவிடுகிறது. எழுத்துப் பிரதிகளைக் கவனித்தால் தெரியும்: வெறும் ‘அவைகள்’ வருவதைக் காட்டிலும் அவைகளை, அவைகளின், அவைகளுக்கு என்று உருபோடு வருவதுதான் அதிகம். ஆகவே இந்தப் பிழையை விட நினைப்பவர் அவை என்ற சொல்லை அல்ல, அவற்றை, அவற்றின், அவற்றுக்கு என்ற மூன்றையும் கைக்குப் பழக்கிக்கொண்டால் போதும். மீதி தானாக வரும்.

இதே பிழை வேடம் மாற்றிக்கொண்டும் வரும். முக்கியமானவைகள், தேவையானவைகள், மேலே சொன்னவைகள், சிலவைகள் எல்லாம் அவைகளின் சொந்தக்காரர்கள். முக்கியமானவை, தேவையானவை, மேலே சொன்னவை, சில என்று நிறுத்தலாம். உருபு வந்தால் முக்கியமானவற்றை, சொன்னவற்றில், சிலவற்றுக்கு.

கணினியில் தேடி மாற்றும் வசதியை நம்பி மொத்தமாகத் திருத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘வைகள்’ என்று தேடினால் பறவைகளும் தேவைகளும் சேவைகளும் வலையில் விழும், அவை குற்றமற்றவை. ‘அவைகள்’ என்று முழுச்சொல்லைத் தேடினாலும் ஓர் இடத்தில் ஏமாறுவோம். “நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டன” என்பதில் அவை என்பது சபை. மக்களவை ஒன்று, மாநிலங்களவை ஒன்று, சேர்ந்தால் இரு அவைகள். ‘அவைகள்’ முழுக்கச் சரியாக இருக்கும் இடம் இது.

ஒரு பள்ளியின் சுற்றுலா அறிவிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“அனைத்துப் பெற்றோர்களுக்கும் ஓர் அறிவிப்பு. ஒவ்வொரு மாணவ மாணவிகளும் சுற்றுலாவுக்குத் தேவையானவைகளைக் கொண்டுவர வேண்டும். அவைகளின்மீது பெயர் எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர்கள் அவைகளைச் சரிபார்ப்பார்கள். குடும்பத்தினர்கள் உடன்வர அனுமதி இல்லை.”

எங்கும் நடக்கக்கூடிய எழுத்துதான், பொருளும் விளங்குகிறது. திருத்த உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது தேவையானவைகளை. அது தேவையானவற்றை ஆகும். அடுத்து அவைகளின்மீது, அவைகளைச் சரிபார்ப்பார்கள் என்பவை அவற்றின்மீது, அவற்றைச் சரிபார்ப்பார்கள் ஆகும். ஆசிரியர்கள் என்பதைத் தொட வேண்டாம். ஆசிரியர் ஒருவர் என்று சொல்லலாம், சோதனையில் தேறிவிட்டது. குடும்பத்தினர்கள் தேறாது, கள்ளை எடுத்துவிடலாம். ‘ஒவ்வொரு மாணவ மாணவிகளும்’ என்பது இரட்டைப் பன்மை அல்ல, அதன் தலைகீழ். ஒவ்வொரு என்பது ஒருமையைக் கேட்கும். பின்னால் வருவதோ பன்மை. “மாணவ மாணவியர் ஒவ்வொருவரும்” என்று திருப்பிப் போட்டால் சிக்கல் தீரும். இத்தனையும் திருத்தினால் கிடைப்பது:

“பெற்றோர் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு. மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் சுற்றுலாவுக்குத் தேவையானவற்றைக் கொண்டுவர வேண்டும். அவற்றின்மீது பெயர் எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர்கள் அவற்றைச் சரிபார்ப்பார்கள். குடும்பத்தினர் உடன்வர அனுமதி இல்லை.”

பெற்றோர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திருத்திவிட்டேன். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். அதற்குமுன் வெளியிலிருந்து வந்த சொற்கள் சில.

பிற மொழிப் பன்மை தமிழுக்குள் வரும்போது பன்மை என்ற அடையாளத்தை எல்லையிலேயே விட்டுவிட்டு வருகிறது. உலமா என்பது அரபியில் பன்மை. மார்க்க அறிஞர் ஒருவர் என்றால் ஆலிம். இறைநேசர் ஒருவர் வலி, பலர் அவுலியா. தமிழ் முஸ்லிம்கள் உலமாக்கள், அவுலியாக்கள் என்கிறார்கள். தமிழ் விவிலியத்தில் கேருபீன்கள், சேராபீன்கள் என்று வரும். எபிரேயத்தில் கேரூப் ஒருமை, கேரூபீம் பன்மை. நாம் எடுத்துக்கொண்டதே பன்மையை, அதன்மேல் கள்ளும் போட்டோம். இவற்றைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. தமிழில் எழுதுகிறவர் அரபி இலக்கணத்துக்கும் எபிரேய இலக்கணத்துக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. தமிழ்க் காதுக்கு உலமா பன்மையாகக் கேட்கவில்லை, எனவே தமிழ்ப் பன்மை வேண்டியிருக்கிறது. ஸ்நாக்ஸ்கள், ஷூஸ்கள், “லேடீஸ்ங்கல்லாம் இந்தப் பக்கம்” என்பவையும் பிறப்பில் இதே வகைதான். என்றாலும் அந்த ‘ஸ்’ ஆங்கிலப் பன்மை என்பது இன்றைக்கு எழுதுகிறவர் அநேகருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டையும் போட வேண்டியதில்லை. ஷூக்கள் என்றால் முடிந்துவிட்டது.

இனிப் பெற்றோர். ‘ஓர்’ என்று முடியும் பெற்றோர், முன்னோர், சான்றோர், பெரியோர் எல்லாம் சோதனையில் இரண்டுங்கெட்டானாக நிற்கின்றன. சான்றோர் ஒருவர் என்று எழுதினால் முகம் சுளிக்க முடியவில்லை. முன்னோரில் ஒருவர் என்பது நல்ல தமிழ். முன்னோர் ஒருவர் என்பதும் காதில் விழத் தொடங்கிவிட்டது. பெற்றோர் என்றால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்த இருவர். “என் பெற்றோர்கள்” என்று ஒரு பிள்ளை எழுதினால் அது பிழை, அதில் சந்தேகமில்லை. தம்பதி என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. அந்தச் சொல்லுக்குள்ளேயே இருவர் இருப்பதால் ஒரே ஜோடியைத் தம்பதிகள் என்று வாழ்த்துவது தவறு. கூட்டுத் திருமணத்தில் பத்து ஜோடிகளைத் தம்பதிகள் என்றால் சரி.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் என்ற சொல் வேறு வேலை பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ஆசிரியரைப் பார்க்கத் தாய் மட்டும் வருகிறார், அல்லது தந்தை மட்டும் வருகிறார். “பெற்றோர் ஒருவர் வந்திருக்கிறார்” என்கிறார்கள், “பெற்றோர் கையொப்பம்” என்ற கட்டத்தில் ஒருவர்தான் கையெழுத்திடுகிறார். அவருக்கு முன்பு அவர் என்ற சொல்லுக்கு நடந்தது இப்போது பெற்றோருக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதனால் “கூட்டத்துக்கு நாற்பது பெற்றோர்கள் வந்தார்கள்” என்ற வாக்கியம் என்னிடம் வந்தால் ‘பெற்றோர் நாற்பது பேர்’ என்று மாற்றிவிடுகிறேன். எழுதியவர் மறுத்தால் சண்டை போடுவதில்லை. அவைகளை விட்டுக்கொடுத்துவிட்டு இதைக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன்.